ஆப்ஷன் விற்பதில் உண்மையிலேயே லாப விளிம்பு இருக்கிறதா? ஐவியையும் நிஜ ஏற்ற இறக்கத்தையும் ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியா விக்ஸ் 14 காட்டுது. சார்ட்டில் நிஃப்டியின் ரியலைஸ்டு வொலட்டிலிட்டி 10. அப்போ விற்றால் 4 புள்ளி லாபம்தானே?

இல்லை. அந்த 10 கடந்த மாதம் நிஜமாக நடந்த ஆட்டம்; விக்ஸின் 14, ஆப்ஷன் விலைகளில் அடங்கியிருக்கும் வரப்போகும் மாதத்துக்கான எதிர்பார்ப்பு, அதாவது ஐவி. இரண்டும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே காலத்தைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் இன்று விற்கும் பிரீமியத்தில் இன்றைய விக்ஸ் அடங்கியிருக்கிறது. அதற்கு ஈடாக நீங்கள் கொடுக்கப்போவது அடுத்த 30 நாளில் நிஃப்டி எவ்வளவு ஆடுகிறதோ அது. ஆகவே இன்றைய விக்ஸுக்கு எதிரே வைக்க வேண்டிய எண் இன்னும் பிறக்கவில்லை. 30 நாள் கழித்துத்தான் கிடைக்கும். பழைய தரவை எடுத்துச் சோதிக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். ஜனவரி 2ஆம் தேதி விக்ஸுக்கு நேரே ஜனவரி 2 முதல் பிப்ரவரி 1 வரை நடந்த ஆட்டத்தை வைக்க வேண்டும். சார்ட்டிங் தளங்களில் வரும் "ஐவி மைனஸ் ஹெச்வி" கோடுகள் பெரும்பாலும் முந்தைய 20 அல்லது 30 நாளை வைத்து வரைந்தவை. அந்தக் கோடு அதிகம் ஏமாற்றுவது எப்போது தெரியுமா? பெரிய நிகழ்வுக்கு முந்தைய வாரத்தில். சந்தை அமைதியாக இருந்திருக்கும், விக்ஸ் மட்டும் ஏறியிருக்கும். "அடேயப்பா, எவ்வளவு இடைவெளி" என்று தோன்றும். சந்தைக்கு அந்த நிகழ்வின் தேதி தெரியும் என்பதைத்தான் அந்த இடைவெளி சொல்கிறது.

நிஜ ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவது எப்படி? ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு எண் வருகிறதே?

தினமும் முடிவு விலையிலிருந்து முடிவு விலைக்கான லாக் மாற்றத்தை எடுங்கள். அதை வர்க்கம் செய்யுங்கள். 30 காலண்டர் நாளுக்குள் வரும் எல்லா வர்க்கங்களையும் கூட்டி, 365/30 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். சராசரியைக் கழிக்க வேண்டாம். ஒரே திசையில் தினம் 1% விழுந்த மாதத்தில் சராசரியைக் கழித்தால் ஆட்டமே இல்லை என்று வரும். விற்றவருக்கோ அது கொடுமையான மாதம்.

பலரும் 252 வர்த்தக நாள் என்று வைத்துப் பெருக்குகிறார்கள். அது தவறில்லை. ஆனால் விக்ஸ் காலண்டர் நாளில் எண்ணப்படுவது. விடுமுறை நிறைந்த மாதத்தில் 19 வர்த்தக நாள்தான் இருக்கும். 252/19 என்று போட்டால் விக்ஸுடன் நேராக ஒப்பிட முடியாதபடி எண் சற்றுப் பெருத்துவிடும். 365/30 என்றால் இரண்டு பக்கமும் ஒரே நாட்காட்டி.

இன்னொரு பொறி, ஐந்து நிமிடத் தரவு. அமெரிக்க ஆய்வுகளைப் பார்த்துவிட்டு 9:15 முதல் 3:30 வரையிலான ஐந்து நிமிட மாற்றங்களை மட்டும் கூட்டுபவர்கள் இரவோடு இரவாக வரும் கேப்பை விட்டுவிடுகிறார்கள். நிஃப்டியின் பெரிய அடிகளில் கணிசமான பகுதி திறப்பிலேயே விழுகிறது. அதை விட்டுவிட்டால் எந்த விற்பனையும் லாபமாகத்தான் தெரியும்.

நிஃப்டி முடிவு விலையும் இந்தியா விக்ஸ் முடிவு விலையும் ஒரே கோப்பில் இருந்தால் இவ்வளவு போதும்:

```python
import pandas as pd, numpy as np
d = pd.read_csv("nifty_vix.csv", parse_dates=["date"], index_col="date")
c = (np.log(d["nifty"]).diff().fillna(0) ** 2).cumsum()
end = d.index + pd.Timedelta(days=30)
d["rv"] = 100 * np.sqrt((c.asof(end).values - c.values) * 365 / 30)
d["gap"] = d["vix"] ** 2 - d["rv"] ** 2
d = d[end <= d.index[-1]]
```

கடைசி வரி முக்கியம். 30 நாள் இன்னும் முடியாத தேதிகளை அது வெட்டிவிடுகிறது. அதை மறந்தால் கடைசி மாதம் முழுக்கப் பொய்யான லாபம் காட்டும்.

ஏன் வர்க்கம் செய்து கழிக்கிறீர்கள்? விக்ஸ் மைனஸ் ஆர்வி என்று நேராகக் கழித்தால் என்ன?

நேராகக் கழித்தால் நல்ல மாதமும் கெட்ட மாதமும் ஒரே தராசில் நிற்பது போலத் தெரியும். 14க்கு விற்று 11 நடந்தால் +3. 20க்கு விற்று 40 நடந்தால் −20. ஏழு நல்ல மாதத்தில் மீட்டுவிடலாம் என்று மனம் கணக்குப் போடும்.

வர்க்கத்தில் பாருங்கள். 196 − 121 = 75. அடுத்தது 400 − 1600 = −1200. ஒரு கெட்ட மாதத்துக்குப் பதினாறு நல்ல மாதம் தேவை. இதுதான் நிஜத்துக்கு நெருக்கம். நிஃப்டியின் திசையால் வரும் லாப நஷ்டத்தை ஃபியூச்சரால் சமன் செய்து, அதாவது டெல்டா ஹெட்ஜ் செய்து ஆப்ஷன் விற்பவருக்கு ஒவ்வொரு நாளும் தீட்டா வழியாக, அதாவது நாள் கழியக் கழியப் பிரீமியம் தேய்வதால் வரவு, நிஃப்டி நகர்ந்த தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் செலவு. 1% நகர்ந்த நாளைவிட 3% நகர்ந்த நாள் மூன்று மடங்கு வலிக்காது, ஒன்பது மடங்கு வலிக்கும். எதுவரை தாங்கும் என்பதற்கு மனக்கணக்கு உண்டு: ஐவியை 16ஆல் வகுங்கள். 16க்கு விற்றவருக்குத் தினமும் 1% வரை கணக்கு சமம். அதற்குள் நின்றால் வரவு, தாண்டினால் செலவு.

2024 தேர்தல் முடிவு வாரத்தில் விக்ஸ் ஒரே நாளில் நொறுங்கியது. அதற்கு முன்பே விற்றவர்களுக்குக் கொண்டாட்டம்தானே?

அப்படித்தான் பலருக்கும் நினைவில் நிற்கிறது. கணக்கு வேறு கதை சொல்கிறது.

2024 மே 31, வெள்ளிக்கிழமை. நிஃப்டி 22,530.70, இந்தியா விக்ஸ் 24.60. மறுநாள் மாலை தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள். திங்கள் ஜூன் 3 அன்று நிஃப்டி 3.25% ஏறி 23,263.90. வாக்கு எண்ணிய ஜூன் 4 அன்று 5.93% விழுந்து 21,884.50. அதன்பின் 22,620.35, 22,821.40, வெள்ளியன்று 23,290.15. வாரம் முடிந்தபோது குறியீடு தொடங்கிய இடத்தைவிட மேலே. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட வாரம்.

அந்த ஐந்து நாள் லாக் மாற்றங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.00635 வருகிறது. அதில் ஜூன் 4 ஒரு நாளின் பங்கு மட்டும் 0.00374. இனி மாதத்தின் மீதி நாட்களில் நிஃப்டி ஒரு புள்ளிகூட அசையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 0.00635 × 365/30 = 0.0772, வர்க்கமூலம் 27.8%. அதாவது வேரியன்ஸ் என்ற இந்த வர்க்கக் கணக்கில் 24.60க்கு விற்றதற்கு, மாதத்தின் முதல் வாரத்திலேயே 27.8 செலவாகிவிட்டது. மிச்ச நாட்கள் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அந்தக் கணக்கு மைனஸில்தான் முடியும். மே 31 அன்று 24.60 "ரொம்ப விலை" என்று தோன்றியிருக்கும். அது மலிவு.

இப்போது ஜூன் 4 முடிவில் விற்றவரைப் பாருங்கள். விக்ஸ் 26.75. மே 31ஐவிட இரண்டு புள்ளிதான் கூடுதல், ஆனால் நிகழ்வு முடிந்துவிட்டது. அடுத்த மூன்று நாளின் நிஜ வர்க்கங்களையும், அதன்பின் ஜூலை 4 வரையிலான 18 வர்த்தக நாளுக்கு நாளொன்றுக்கு 0.6% என்ற அனுமானத்தையும் சேர்த்தால்கூட 16.5% சுற்றித்தான் வருகிறது. வர்க்கத்தில் 716க்கு எதிரே 272. கொழுத்த இடைவெளி. ஆனால் ஜூன் 4 மாலை 3:30க்கு யாருடைய கணக்கில் புதிதாக விற்க மார்ஜின் இருந்தது? முந்தைய வெள்ளியன்று விற்காமல் இருந்தவரிடம் மட்டும்.

ஆனால் அந்த வார ஸ்ட்ராடிலை எக்ஸ்பைரி வரை வைத்திருந்தவர் லாபம் பார்த்தாரே? உங்கள் கணக்கு நஷ்டம் என்கிறது.

இரண்டும் உண்மை. ஹெட்ஜ் செய்யாமல் விற்றவருக்கு நடந்த ஆட்டம் முக்கியமில்லை, முடிந்த இடம்தான் முக்கியம். 22,500 ஸ்ட்ராடில், அதாவது அந்த ஒரே ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷனும் ஒரு புட் ஆப்ஷனும், ஜூன் 6 எக்ஸ்பைரி. விக்ஸ் அளவான ஐவியை வைத்தே தோராயமாகக் கணக்கிட்டாலும் பிரீமியம் 570 புள்ளி பக்கம் வருகிறது. நிஃப்டி முடிந்தது 22,821. கொடுக்க வேண்டியது 321. கையில் மிச்சம் உண்டு.

ஆனால் ஜூன் 4 அன்று நிஃப்டி 21,300க்கும் கீழே போய் வந்தது. ஸ்ட்ரைக்கிலிருந்து 1,200 புள்ளி. அந்த நேரத்தில் ஐவியும் ஏறியிருந்தது, மார்ஜினும் ஏறியிருந்தது. தரகர் உங்கள் பொசிஷனை மூடாமல் விட்டிருந்தால்தான் அந்த லாபம் உங்களுடையது. இன்னொரு பக்கம், அதே 22,500 ஸ்ட்ராடிலை ஜூன் 27 மாத எக்ஸ்பைரிக்கு விற்றவர் பார்த்தது 24,044.50 என்ற முடிவை. 1,544 புள்ளி கொடுக்க வேண்டும். வாங்கிய பிரீமியம் அதை ஈடுகட்டியிருக்காது. ஒரே நாள், ஒரே ஸ்ட்ரைக், எதிரெதிர் முடிவு.

இதனால்தான் ஹெட்ஜ் இல்லாத விற்பனையின் லாப நஷ்டத்தை வைத்து எட்ஜ் இருக்கிறதா என்று முடிவு செய்வது கடினம். அதில் திசை என்ற அதிர்ஷ்டம் கலந்துவிடுகிறது. வேரியன்ஸ் கணக்கு அந்த அதிர்ஷ்டத்தை வடிகட்டி, விலை நியாயமா என்பதை மட்டும் சொல்லும்.

நான் ஏடிஎம், அதாவது நிஃப்டி நிற்கும் விலையை ஒட்டிய ஸ்ட்ராடில்தான் விற்கிறேன். விக்ஸையே என் ஐவியாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியா விக்ஸ் நிஃப்டியின் நடப்பு மாத, அடுத்த மாத ஆப்ஷன்களில், பணத்துக்கு வெளியே இருக்கும் பல ஸ்ட்ரைக்குகளின் விலையைச் சேர்த்துச் செய்யப்படுவது. கீழே தூரத்தில் இருக்கும் புட்களின் ஐவி பொதுவாக ஏடிஎம்மைவிட உயரம். அந்த உயரமும் விக்ஸுக்குள் வந்துவிடுகிறது. எனவே சாதாரண நாட்களில் விக்ஸ் ஏடிஎம் ஐவிக்கு மேலே நிற்கும். நீங்கள் 12.8க்கு விற்றுவிட்டு 14 வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருக்கும் எட்ஜே மூன்று புள்ளி என்றால் அதில் ஒரு புள்ளிக்கு மேல் கற்பனை.

வாராந்திர ஆப்ஷன் விற்பவருக்கு இது இன்னும் தூரம். விக்ஸ் 30 நாளைப் பற்றிப் பேசுகிறது. அவர் விற்பது நான்கு நாளை. நீங்கள் எதை விற்கிறீர்களோ அதன் ஐவியைத் தினமும் குறித்து வையுங்கள். அதற்கு நேரே அதே எக்ஸ்பைரி வரையிலான நிஜ ஆட்டத்தை வையுங்கள்.

பத்து வருஷத் தரவில் 80%க்கு மேல் நாட்களில் விக்ஸ்தான் ஜெயிக்கிறது என்று என் பேக்டெஸ்ட் சொல்கிறது. இது போதாதா?

வெற்றி சதவீதம் இந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல. தூரத்து ஆப்ஷன் விற்றால் எட்ஜே இல்லாவிட்டாலும் 90% ஜெயிக்கலாம்.

அதைவிட முக்கியமாக, உங்களிடம் இருப்பது 2,500 சாட்சி அல்ல. இன்றைய 30 நாள் ஜன்னலும் நாளைய 30 நாள் ஜன்னலும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றோடொன்று மோதாத மாதங்களை எண்ணினால் பத்து வருடத்தில் 120தான். அந்த 120இன் சராசரியைத் தீர்மானிப்பது மூன்று நான்கு மாதங்கள்.

2020 மார்ச்சை எடுங்கள். மார்ச் 23 அன்று நிஃப்டி 8,745.45இலிருந்து 7,610.25க்கு, 12.98% விழுந்தது. அந்த ஒரு நாளின் வர்க்கத்தை மட்டும் வைத்து, மாதத்தின் மற்ற நாட்களைப் பூஜ்யமாக்கினாலும் 30 நாள் ஏற்ற இறக்கம் 48.5% வருகிறது. மார்ச் 9 முதல் 26 வரை நடந்த எல்லாவற்றையும் சேர்த்தால் 78%ஐத் தொடுகிறது. பிப்ரவரி கடைசியில் விக்ஸ் 20களில்தான் இருந்தது.

ஆப்ஷனாகவே பார்க்க வேண்டுமா? பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 11,201.75. 11,200 ஸ்ட்ராடில், மார்ச் 26 எக்ஸ்பைரி. ஐவி 23% என்று வைத்தால் பிரீமியம் சுமார் 560 புள்ளி. நிஃப்டி முடிந்தது 8,641. கொடுத்தது 2,560, நிகர நஷ்டம் 2,000. அதே குறியீட்டு அளவில் ஒரு ஐவி புள்ளியின் மதிப்பு ஏறத்தாழ 24 புள்ளி. சாதாரண மாதம் ஒன்றில் மூன்று புள்ளி எட்ஜ் கிடைக்கிறது என்றால் 73. அந்த ஒரு மாதத்தை ஈடுகட்ட 27 மாதத்துக்கு மேல்.

ஆகவே என் பழக்கம் இது: `gap` சராசரியை 2020 மார்ச்சோடு ஒரு முறை, அது இல்லாமல் ஒரு முறை பார்ப்பேன். இடைநிலை மதிப்பையும் பக்கத்தில் வைப்பேன். இடைநிலை நன்றாகவும் சராசரி பூஜ்யத்தை ஒட்டியும் இருந்தால், சந்தை உங்களுக்குக் கொடுப்பது லாபமல்ல, முன்பணம். தரவு 2020 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கினால் அந்த பேக்டெஸ்ட்டை நான் நம்புவதில்லை.

அப்படியானால் எட்ஜ் என்பதே கட்டுக்கதையா?

இல்லை. எஸ்&பி 500இல் நீண்ட காலத் தரவில் விக்ஸ், பின்னர் நடந்த ஆட்டத்தைவிடச் சராசரியாகச் சில புள்ளி மேலேயே நின்றிருக்கிறது; இதைப் பல கல்வி ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. காரணமும் எளிது. பெரிய ஃபண்டுகள் வீழ்ச்சிக்கு எதிராகப் புட் வாங்குகின்றன. காப்பீடு போலத்தான், நியாயமான விலைக்கு மேல் கொடுக்கத் தயாராக இருக்கின்றன. அந்தக் கூடுதல்தான் விற்பவரின் கூலி. எல்லோரும் அடிபடும் நாளிலேயே தானும் அடிபடச் சம்மதிப்பதற்கான கூலி.

செபி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரை எஃப்&ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் என்று வந்தது. "வாங்குபவர்கள் தோற்கிறார்கள், அப்படியானால் விற்போம்" என்று அதைப் படித்தவர்கள் பலர். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அந்த 93%க்குள் விற்றவர்களும் இருக்கிறார்கள்.

விக்ஸ் அதிகமாக இருக்கும்போது மட்டும் விற்றால்?

அதிக விக்ஸ் வெறுமனே வருவதில்லை. 25 காட்டும் நாட்களில் நிஃப்டியும் தினமும் ஒன்றரை சதவீதம் ஆடிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது விக்ஸின் உயரம் அல்ல. அந்த உயரத்தில் விற்ற நாட்களின் `gap`. தரவை விக்ஸ் அளவு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஜூன் 4 போல, காரணம் தீர்ந்தபின்பும் ஐவி இறங்காத நாள்தான் கிடைக்க வேண்டும். மறுபக்கம், 2023 நடுவில் போல விக்ஸ் 10, 11இல் கிடக்கும்போது தினசரி தாங்குதூரமே 0.65%, சாதாரண செவ்வாய்க்கிழமை அதைத் தாண்டிவிடும்.

செலவு எவ்வளவு தின்னும்?

நிஃப்டி 25,000 என்றால் 30 நாள் ஏடிஎம் ஸ்ட்ராடிலில் ஒரு ஐவி புள்ளி சுமார் 57 குறியீட்டுப் புள்ளி. நான்கு நாள் ஸ்ட்ராடிலில் 21. இரண்டு பக்க ஸ்ப்ரெட், எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, ஃபியூச்சரில் ஹெட்ஜ் செய்யும் செலவு எல்லாம் வாரத்துக்கு வாரம் மறுபடி கட்டவேண்டும். எனவே மாத விற்பனையில் தாங்கும் செலவு, வார விற்பனையில் எட்ஜையே விழுங்கலாம். உங்கள் ஒப்பந்தக் குறிப்பில் இருக்கும் மொத்தச் செலவைப் புள்ளியாக மாற்றி, 57ஆல் அல்லது 21ஆல் வகுத்து, அத்தனை ஐவி புள்ளியை எட்ஜிலிருந்து கழியுங்கள்.

ஸ்டாப்லாஸ் போட்டாலோ, ஐயர்ன் காண்டராக மாற்றினாலோ அந்தக் கெட்ட மாதம் தப்பிவிடாதா?

ஸ்டாப்லாஸ் சந்தை திறந்திருக்கும்போது மட்டும் வேலை செய்யும். 2020 மார்ச் 23 அன்று திறப்பே சுமார் 9% கீழே. கொஞ்ச நேரத்தில் 10% லோயர் சர்க்யூட்டைத் தொட்டு வர்த்தகமும் நின்றது.

ஐயர்ன் காண்டர், அதாவது விற்றவற்றுக்கு வெளியே தூரத்து கால் ஆப்ஷனும் புட் ஆப்ஷனும் வாங்கி வைப்பது, உண்மையிலேயே காப்பாற்றும், ஆனால் இலவசமாக அல்ல. நீங்கள் பாதுகாப்புக்காக வாங்கும் தூரத்துப் புட், இருப்பதிலேயே அதிக ஐவி உள்ள சரக்கு. உதாரணமாக 13க்கு விற்று, 18க்கு வாங்குகிறீர்கள். எட்ஜ் எந்த இடத்தில் அதிகமோ அதே இடத்தில் நீங்கள் வாங்குபவராகிவிடுகிறீர்கள். அதைச் சோதிக்க விக்ஸ் போதாது. நான்கு ஆப்ஷன்களின் உண்மையான விலையைத் தேதி வாரியாக எடுத்து, வாங்கிய ஆப்ஷன்களின் செலவைக் கழித்தபின் மிச்சம் என்ன என்று 2020 மார்ச்சையும் 2024 ஜூனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சில ஸ்ட்ரைக் அகலங்களில் மிச்சம் இருக்கும். குறுகிய அகலங்களில் பெரும்பாலும் தரகுக்கே போய்விடும்.